மட்டைப் பெட்டியும் அதன் கணக்கும்

வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப்பணிப்பெண்களாகச் சென்ற எமது சகோதரிகள் ஊருக்கு அனுப்பும் மட்டைப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோர் இருவகையினர். "ஏன் இந்தச் சவர்க்காரத்தையும் பால்மாவையும் கடல் தாண்டி அனுப்ப வேண்டும், காசாக அனுப்பலாமே" என்று குறை சொல்வோர் ஒருவகை. பெட்டி வந்து சேர்ந்த வீட்டின் முன்னால் கூடி நின்று "எனக்கு என்ன?" என்று கேட்போர் மற்றொருவகை. இவ்விரு சாராரும் பெட்டி எவ்வழியாக வருகிறது, அதற்கு யார் எவ்வளவு கொடுக்கிறார், எந்தப் பொருளால் அது இடைவழியில் தடைப்படுகிறது என்பதைப் பற்றி நினைப்பதில்லை. அனுப்புகின்ற சகோதரிக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பயிற்சி வகுப்பில் சலவை இயந்திரத்தை இயக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். ஒரு பொதியை அனுப்பக் கற்றுக் கொடுப்பதில்லை.

காசாக அனுப்பலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2022 இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாள்களை நாம் மறந்துவிட முடியாது. அந்த ஆண்டில் கையிற் காசு இருந்தும் கடையிற் பொருள் இருக்கவில்லை. அப்போது வந்த பெட்டிகள் பல வீடுகளைத் தாங்கின. அதைவிட, பிள்ளையை இரண்டு வயதில் விட்டுச் சென்ற தாய் தானே தெரிந்தெடுத்து மடித்து வைத்த ஒரு சட்டைக்கு வங்கிச் சீட்டு ஈடாகாது. ஆகவே பெட்டி அனுப்ப வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எதை எந்த வழியால் அனுப்புவது, எதை அனுப்பவே கூடாது என்பதே எமது பேச்சு.

வழிகள் மூன்று. முதலாவது கூரியர். விமானத்தில் வந்து, சுங்கத்தையும் அந்த நிறுவனமே கடந்து, சில நாள்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது. இரண்டாவது விமானச் சரக்கு. இது கட்டுநாயக்கா வரை வரும். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் சேர்ந்ததா, அல்லது உரியவர் போய் விடுவித்தெடுக்க வேண்டுமா என்பது கடைக்குக் கடை வேறுபடும். மூன்றாவது கப்பற் சரக்கு. பலருடைய பெட்டிகளை ஒரே கொள்கலனில் நிரப்பிக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். கப்பல் ஓடும் நாள்கள் குறைவுதான். ஆனால் கொள்கலன் நிரம்பும்வரை அங்கே காத்திருப்பதும், இங்கே சுங்கப் பரிசோதனைக்குக் காத்திருப்பதும், பிறகு லொறி எமது பக்கம் வரக் காத்திருப்பதும் சேரும்போது வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஆகிவிடும்.

கூரியர் விலை கூடியது, கப்பல் மலிவானது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, நிறை என்று கடைக்காரர் எதைச் சொல்கிறார் என்பதே. நாம் அறிந்த ஒரு சகோதரியின் பெட்டியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

அவர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்பவர். நத்தாருக்கு முன்னர் பெட்டி ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நவம்பர் தொடக்கத்தில் அதைக் கட்டினார். ஒரு கம்பளிப் போர்வை, இரண்டு பெரிய பால்மாத் தகரங்கள், பிள்ளைகளுக்கு உடுப்புகள், சவர்க்காரம், உடம்புக்கு அடிக்கும் வாசனை ஸ்பிறே நான்கு, மகனுக்கு ஒரு பவர் பாங்க், தாயாரின் சீனி வருத்தத்துக்கு மூன்று மாத மாத்திரைகள். வீட்டுத் தராசில் நிறுத்தபோது 15 கிலோ இருந்தது. 15 கிலோவுக்குரிய கூரியர் கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டு, விடுமுறை கிடைத்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரர் தராசைப் பார்க்குமுன் அளவு நாடாவை எடுத்தார். பெட்டி 60 சதமமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். "இருபத்துநாலரை கிலோ" என்றார்.

ஏமாற்று என்றே அவர் நினைத்தார். ஆனால் அது ஏமாற்றல்ல. விமானத்தில் இடமும் விலைப்பட்ட பொருள். ஆகையால் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சதமமீற்றரிற் பெருக்கி, வந்த தொகையை 5000 ஆல் பிரிப்பது கூரியர்களின் பொதுவழக்கம். அப்படி வருவதைக் கனவளவு நிறை என்கிறார்கள். உண்மை நிறை, கனவளவு நிறை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 60 ஐ 45 ஆலும் மீண்டும் 45 ஆலும் பெருக்கினால் 121,500. அதை 5000 ஆல் பிரித்தால் 24.3, அரைக் கிலோவுக்கு மேல்நோக்கித் திருத்த 24.5. சாதாரண விமானச் சரக்கில் 6000 ஆல் பிரிப்பார்கள். அப்போது அதே பெட்டி 20 கிலோவுக்குச் சற்று மேல் வரும்.

குற்றவாளி கம்பளிப் போர்வை. மடித்து வைத்தால் அது 45 க்கு 45 க்கு 25 சதமமீற்றர் இடத்தைப் பிடித்தது. நிறையோ 4 கிலோதான். போர்வையை எடுத்துவிட்டால் மீதிப் பொருள்கள் 45 க்கு 45 க்கு 35 அளவான பெட்டிக்குள் அடங்கும். அதன் கனவளவு நிறை 14.5 கிலோ. அதாவது 4 கிலோப் போர்வைக்காக அவர் 10 கிலோவுக்குக் கூரியர் கூலி கொடுக்கவிருந்தார். அந்தக் காசுக்கு மன்னார்க் கடையில் ஒன்றுக்கு இரண்டு போர்வை வாங்கலாம் என்று நினைக்கிறோம். போர்வை, பாடசாலைப் பை, பஞ்சடைத்த பொம்மை போன்ற பருத்த, பாரமற்ற பொருள்கள் கப்பலுக்குரியவை. அங்கேயும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். சில கடைகள் கப்பற் பெட்டிக்குக் கிலோக் கணக்கிலும், சில கடைகள் கன அளவிலும் அல்லது பெட்டிக்கு இவ்வளவு என்றும் வாங்குகின்றன. கிலோக் கணக்கென்றால் போர்வை இலாபம், பால்மாத் தகரம் நட்டம். பெட்டிக் கணக்கென்றால் தகரமும் இலாபம். ஒரே வீதியிலுள்ள இரு கடைகளில் ஒரே பெட்டிக்கு இரு விலை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அந்தச் சகோதரியின் கையில் 24.5 கிலோவுக்குக் காசில்லை. "அப்படியென்றால் கப்பலில் போடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். அவரும் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே என்ன என்று கடைக்காரர் கேட்கவில்லை. வெறும் படிவமொன்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பின்னர் அதில் "பாவித்த உடுப்புகள்" என்று தாமே எழுதினார்.

பெட்டி பெப்ரவரியிற்றான் வீடு வந்தது. கொழும்பில் திறக்கப்பட்டிருந்தது. ஸ்பிறேகளும் பவர் பாங்கும் இல்லை. மாத்திரைகளுக்கு வைத்தியரின் சீட்டு எங்கே என்று கேட்டுப் புறம்பாக வைத்துவிட்டார்கள். உடுப்பென்று எழுதிய பெட்டிக்குள் இவ்வளவும் ஏன் என்ற கேள்விக்கு ஊரிலிருந்த தாயாரால் என்ன பதில் சொல்ல முடியும்? களஞ்சியத்தில் கிடந்த நாள்களுக்குக் கூலியும் கேட்டார்கள். மிஞ்சிய பால்மாவில் சவர்க்கார வாசம். ஒரு தகரத்தின் மூடி நெளிந்து திறந்திருந்தது. கொள்கலனுக்குள் பகலில் கடும் வெப்பம். இரவில் குளிர்ந்து உட்சுவரில் நீர் துளிர்க்கும். அப்படியான இடத்தில் வாரக்கணக்கில் சவர்க்காரத்தோடு கிடக்கும் எந்த உணவும் அந்த வாசத்தைப் பிடிக்கும். உணவை ஒரு பெட்டியிலும் சவர்க்காரத்தை வேறு பெட்டியிலும் வைக்க வேண்டும். உணவுப் பொதியின் காலாவதித் திகதி, பெட்டி சேரும் மாதத்திலிருந்து எண்ணிப் போதுமானதா என்று பார்க்க வேண்டும்.

இனி, எடுக்கப்பட்ட பொருள்களுக்கு வருவோம். "பிளேனில் வருகிற ஆட்கள் சென்ற் போத்தலும் ஸ்பிறேயும் கொண்டு வருகிறார்கள்தானே, பெட்டியில் வைத்தால் மட்டும் ஏன் பிழை?" என்று அந்தத் தாயார் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. பயணிக்கு ஒரு சட்டம், சரக்குக்கு வேறொரு சட்டம். தன் பொதியோடு பயணம் செய்பவர் பாவனைக்குரிய வாசனைத் திரவியங்களை ஓர் எல்லைக்குள் கொண்டுவர உலக விமான விதிகள் இடமளிக்கின்றன. ஒவ்வொரு போத்தலும் அரை லீற்றருக்கு மேற்படாமல், எல்லாமாக 2 லீற்றருக்குள் இருக்க வேண்டும். அதே போத்தல் ஆளில்லாமல் சரக்காக வரும்போது அது எரியும் திரவம். ஸ்பிறே அழுத்த வாயு அடைத்த தகரம். இரண்டும் ஆபத்தான பொருள் என்று எழுதி, அதற்குரிய பொதியிடலோடும் பத்திரங்களோடும் மட்டுமே அனுப்பத்தக்கவை. சாதாரணக் கடை இதைச் செய்வதில்லை. கப்பலுக்கும் இப்படியே. கொள்கலனுக்குள் ஒரு தகரம் வெடித்துத் தீப்பிடித்தால் எரிவது ஒருவருடைய பெட்டி மட்டுமல்ல.

பவர் பாங்க் இன்னும் கடுமையானது. அதற்குள் இருப்பது இலித்தியம் பற்றறி. பழுதுபட்டால் தானே சூடேறித் தானே எரியும். சாதாரண முறையில் அணைப்பதும் கடினம். 2016 ஏப்ரல் தொடக்கம் இவ்வகைப் பற்றறிகளைத் தனியே சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது உலகெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. பயணி மாத்திரம் தன் கைப்பையில், தன்னோடு விமான அறைக்குள் கொண்டுவரலாம். பெரிய பொதிக்குள் வைத்துக் கொடுக்கவும் கூடாது. அளவு 100 வாற்று-மணிக்குள் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் 20,000 என்று குறித்த பவர் பாங்க் ஏறத்தாழ 74 வாற்று-மணி. ஆகவே அது போகும். மகனுக்கு அது வேண்டுமென்றால் விடுமுறையில் ஊர் திரும்பும் தோழியின் கைப்பைதான் வழி. (ஒரு ரோச் பற்றறிகூடத் தாண்டிக்குளம் தாண்டி வர முடியாதிருந்த காலத்தில் வாழ்ந்த எமது மக்களுக்குப் பற்றறித் தடை என்றதும் வேறொரு நினைவு வருவது இயல்பு. இந்தத் தடை அத்தகையதல்ல. இது எல்லா நாட்டாருக்கும் பொது, காரணமும் தீ ஒன்றே.)

மாத்திரை விடயத்தில் எமது அபிப்பிராயத்தைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வோம். இலங்கையில் மருந்து இறக்குமதி 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கட்டுப்பாட்டுக்குள் வருவது. சொந்தப் பாவனைக்கு ஒருவர் தம்மோடு கொண்டுவருவது வேறு. பெட்டிக்குள் சீட்டில்லாமல் அனுப்புவது வேறு. அதற்கும் மேலாக, சீனி வருத்தத்துக்கான சாதாரண மாத்திரைகள் எமது அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. அங்கே தட்டுப்பாடு என்றால் மருந்துக் கடையில் வாங்கக் காசு அனுப்பலாம். வெயில் நாட்டிலிருந்து கொதிக்கும் கொள்கலனில் வந்த மாத்திரையின் தரத்துக்கு யார் பொறுப்பு? வெளிநாட்டு மாத்திரை திறமானது என்ற எண்ணத்தில் கிளினிக் கொப்பியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பெட்டிக்குக் காத்திருந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் சீனி ஏறிக் கால்விரலை இழந்தவரும் உண்டு.

விதைகளைப் பற்றியும் இந்த ஏட்டில் சொல்லாமல் விட முடியாது. அரபு நாட்டுச் சந்தையில் கண்ட பெரிய மிளகாயின் விதையை, நல்ல தக்காளி விதையைத் துணியில் முடிந்து உடுப்புக்குள் வைத்து அனுப்பும் வழக்கம் எமது கமக்காரக் குடும்பங்களில் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அனுமதியும் பரிசோதனையும் இன்றி விதையோ கன்றோ மண்ணோ நாட்டுக்குள் வரக்கூடாது. கட்டுநாயக்காவில் இதற்கெனத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கிறது. பார்த்தீனியம் எமது மண்ணிற் பிறந்த செடியல்ல என்பதை நினைத்துக்கொண்டால் இச்சட்டத்தின் காரணம் விளங்கும். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அதைப் பிடுங்கிக் களைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தங்க நகையையும் காசையும் பெட்டிக்குள் ஒளிப்பது பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. பால்மாத் தகரத்தைத் திறந்து சங்கிலியை வைத்து மீண்டும் ஒட்டினால், ஒட்டிய தகரமே சந்தேகத்துக்கு முதற் காரணம். காணாமற் போனால் பட்டியலில் இல்லாத பொருளுக்கு எவரும் ஈடு தரார்.

இத்தனையிலும் எமக்கு மிகுந்த கவலை தருவது அந்த வெறும் படிவம். கடைக்காரருக்கு நேரமில்லை, சகோதரிக்கு வாசிக்க வராத மொழியில் தாள். ஆனால் சுங்கத்தின் கண்ணில் அந்தத் தாள் அவருடைய வாக்குமூலம். உள்ளிருப்பது ஒன்று, எழுதியது வேறொன்று என்றால் பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டப்பணம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பெட்டியைக் கட்டும்போதே அவரே பட்டியல் எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும், தெரிந்த ஒருவர் ஆங்கிலத்தில் மாற்றித் தரலாம். என்ன பொருள், எத்தனை, என்ன விலை, புதியதா பாவித்ததா. ஒரே பொருள் அளவுக்கு மிஞ்சி இருந்தால் அது வியாபாரம் என்று கொள்ளப்படும். பத்துக் கைத்தொலைபேசி ஒரு வீட்டுக்குரிய அன்பளிப்பு என்று சொன்னால் யார் நம்புவார்? பட்டியலின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் ஒன்றைத் தன் கையிலும் வைத்து, ஒட்டுமுன் கைத்தொலைபேசியிற் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால், கொழும்பிலிருந்து கேள்வி வரும்போது தாயார் விழிக்க வேண்டியதில்லை.

பெயரும் அப்படியே. கடைகள் அனுப்புபவரின் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டின் பிரதியையோ கேட்கும். எசமானரிடம் கடவுச்சீட்டை விட்டுவிட்டு வெளியில் நிற்கும் சகோதரிகள் வேறொருவரின் பெயரில் அனுப்புகிறார்கள். அவர்களுடைய நிலை எமக்குத் தெரியும். குற்றஞ்சாட்ட மனம் வராது. ஆயினும் பற்றுச்சீட்டு யாருடைய பெயரிலோ அவருக்கே முறையிடும் உரிமை. பெயர் கொடுத்தவர் இடம் மாறிவிட்டால் பெட்டியும் போயிற்று. மறுபக்கத்தில், தன் பெயரில் இன்னொருவரின் பொட்டலத்தை வைக்க இடம் கொடுப்பவர் அதனுள் இருப்பது அனைத்துக்கும் தானே பொறுப்பாகிறார். தெரிந்த பிள்ளை, ஊர்ப் பிள்ளை என்றாலும் அவிழ்த்துக் கண்ணாற் பார்க்காமல் வைக்கவே கூடாது. வளைகுடா நாடுகளின் போதைப்பொருள் சட்டங்கள் இரக்கமற்றவை.

"வாசலுக்கு வாசல்" என்ற விளம்பரத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டும். எந்த வாசல்? மன்னார் நகர் வரையா, மாந்தையின் உட்கிராமம் வரையா? சுங்கத் தீர்வையும் களஞ்சியக் கூலியும் கொடுத்த கட்டணத்துக்குள் அடங்குமா, இங்கே பெறுபவர் கொடுக்க வேண்டுமா? இவ்விரண்டுக்கும் பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடை மலிவாக இருந்தாலும் மலிவல்ல. பெறுபவரின் பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியும், கிராம அலுவலர் பிரிவும், வேலை செய்யும் தொலைபேசி இலக்கமும் பெட்டியின் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும். பெட்டி இரண்டென்றால் 1/2, 2/2 என்று குறிக்க வேண்டும். "உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது, இந்தக் கணக்கிற் காசு போடுங்கள்" என்று ஒரு தனியாளின் வங்கிக் கணக்கைத் தரும் அழைப்புகள் இப்போது பெருகிவிட்டன. சுங்கத் திணைக்களமே இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. பற்றுச்சீட்டின் இலக்கம் தெரிந்த வீட்டார் அதை அழைப்பவரிடம் கேட்டாலே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும்.

மேற்சொன்ன சகோதரியின் பெட்டியை இப்போது பிரித்துப் பார்ப்போம். போர்வையும் சவர்க்காரமும் ஒரு கப்பற் பெட்டி. பிள்ளைகளின் நத்தார் உடுப்பு மட்டும் 3 கிலோவுக்குள் ஒரு சிறு பொதியாகக் கூரியரில், காற்றை நன்றாக வெளியேற்றி இறுக்கிக் கட்டி. பவர் பாங்கும் ஒரு வாசனைப் போத்தலும் ஊர் திரும்பும் தோழியிடம். முன்னது கைப்பையில், பின்னது பெரிய பொதியில். மாத்திரைக்கும் பால்மாவுக்கும் காசு. அடுத்த தடவை அவர் இப்படியே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊரிலிருந்து அவருக்குப் போகும் "இதையும் அனுப்பு, அதையும் அனுப்பு" என்ற நீண்ட பட்டியலைச் சுருக்குவது வீட்டார் கையிலேயே உள்ளது. மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசும்படி எமது பணியாளர்களைக் கேட்டிருக்கிறோம். நத்தாருக்குப் போர்வை வேண்டுமென்றால், ஆவணி மாத மடுத் திருவிழா முடிந்த கையோடு பட்டியல் குவைத்துக்குப் போய்விட வேண்டும்; செப்டெம்பர் முடியுமுன் பெட்டி கடையில் இருக்க வேண்டும்.